வெளிநாட்டு மாப்பிள்ளை யோகமும் அரை மணித்தியாலக் குழப்பமும்

"பிள்ளையின்ர குறிப்பில வெளிநாட்டு யோகம் கிடக்கு. உள்ளூரில அவசரப்படாதேங்கோ."

வடக்கிலும் கிழக்கிலும் கலியாணம் பேசும் வீடுகளில் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் குறைவு. சாத்திரியார் இதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த ஒரு வசனத்தை நம்பி, வந்த உள்ளூர்ச் சம்பந்தங்களைத் தட்டிக் கழித்துவிட்டு, கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ தரகர் கொண்டுவரப் போகும் படத்துக்காக ஐந்து, ஆறு வருடம் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. எதிர்ப்பக்கமும் உண்டு: "பிள்ளைக்குக் கடல் தாண்டும் பலன் இல்லை" என்று சொல்லப்பட்டதால், இரு வீட்டாரும் விரும்பிய சம்பந்தம் குழம்பிப் போவது.

இந்தப் பலனைச் சாத்திரியார் எதை வைத்துச் சொல்கிறார்? சாதகக் கட்டத்தில் அவர் பார்க்கும் அடையாளங்கள் எவை? அவற்றில் எது பிறந்த நேரத்தைப் பொறுத்தது, எது பொறுக்காதது? இதைத் தெரிந்துகொள்வது இன்று திருமண வயதில் இருக்கும் ஒரு தலைமுறைக்கு மிகவும் தேவை. 1996க்கும் 2006க்கும் இடையில் வன்னியிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் பிறந்தவர்களின் சாதகங்களில், மற்றவர்களுக்கு இல்லாத ஒரு பிழை ஒளிந்திருக்க இடமுண்டு.

சாத்திரியார் எந்த வீடுகளைப் பார்க்கிறார்?

சாதகக் கட்டத்தில் பன்னிரண்டு வீடுகள். பிறந்த வேளையில் கிழக்கே உதித்துக்கொண்டிருந்த இராசி இலக்கினம். அதுவே முதலாம் வீடு. அங்கிருந்து எண்ணி வரும் ஏழாம் வீடு கணவனுக்கும் மனைவிக்கும் உரியது. அதைக் களத்திர தானம் என்பார்கள். தூரத்தைக் காட்டுவதாகச் சொல்லப்படும் வீடுகள் முக்கியமாக இரண்டு. ஒன்பதாம் வீடு நீண்ட பயணத்துக்கும், பன்னிரண்டாம் வீடு சொந்த இடத்தை விட்டு விலகி வாழ்வதற்கும் உரியவை. பன்னிரண்டை விரய தானம் என்றே பலரும் அறிவார்கள். விரயம் என்பது பணச்செலவு மட்டுமல்ல, இருந்த இடம் கைவிட்டுப் போவதும் அதற்குள் அடங்கும்.

தூரதேசத்து வரன் என்று சொல்லப்படும் பலன், பெரும்பாலும் இந்த மூன்று வீடுகளுக்கும் இடையே ஏற்படும் தொடர்பிலிருந்துதான் பிறக்கிறது. ஏழாம் வீட்டுக்கு அதிபதி ஒன்பதிலோ பன்னிரண்டிலோ போய் இருந்தால் ஓர் அடையாளம். ஒன்பதாம் அதிபதியோ பன்னிரண்டாம் அதிபதியோ ஏழில் வந்து இருந்தால் இன்னோர் அடையாளம். ஏழாம் அதிபதியும் ஒன்பதாம் அதிபதியும் ஒரே வீட்டில் கூடியிருந்தாலும் அப்படியே எடுப்பவர்கள் உண்டு.

அடுத்தது இராகு. இராகு அந்நியத்தைக் குறிக்கும் கிரகம் என்பது சோதிடத்தில் பொதுவான கருத்து. ஏழில் இராகு இருந்தால் வேறு ஊர், வேறு மொழி, வேறு சாதி, வேறு சமயம் என ஏதோ ஒரு வகையில் 'நம்மவர் அல்லாத' துணை என்று பலன் சொல்வார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, இராகு சொல்வதாகக் கருதப்படுவது அந்நியத்தை, தூரத்தை அல்ல. பக்கத்து ஊரில் வேறு சமயத்தில் பிறந்தவரைக் கட்டினாலும் அந்தப் பலன் பலித்ததாகவே கணக்கு.

மூன்றாவது, ஏழாம் வீடு எந்த வகை இராசியில் விழுகிறது என்பது. மேடம், கடகம், துலாம், மகரம் ஆகிய நான்கும் சர இராசிகள். அசைவன, ஆகவே துணை தூரத்திலிருந்து வருவார் என்பர். இடபம், சிங்கம், விருச்சிகம், கும்பம் திர இராசிகள். நிலையானவை, ஆகவே துணை அருகில். மிதுனம், கன்னி, தனுசு, மீனம் உபய இராசிகள், தூரம் நடுத்தரம். இதோடு திசையும் சொல்வார்கள். மேடம், சிங்கம், தனுசு கிழக்கு. இடபம், கன்னி, மகரம் தெற்கு. மிதுனம், துலாம், கும்பம் மேற்கு. கடகம், விருச்சிகம், மீனம் வடக்கு.

இந்த விதிகளில் எங்கேயும் கிலோமீற்றர் இல்லை; கடவுச்சீட்டும் இல்லை. 'தூரம்' என்பது அந்தந்தக் காலத்துப் பயணத்தை வைத்துத்தான் பொருள் கொள்ளப்பட்டது. பிரித்தானியர் காலத்தில் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் எழுதுவினைஞர்களாகவும் புகையிரதப் பகுதி ஊழியர்களாகவும் போய், பெண்ணை ஊரிலிருந்து எடுத்தார்கள். அன்றைக்குத் தூரதேசம் என்றால் கப்பல். 1983க்குப் பிறகு தூரதேசம் என்றால் விமானமும் அகதிக் கோரிக்கையும். விதி மாறவில்லை. அதற்குள் நாம் வைத்துப் பார்க்கும் நாடுகள்தான் மாறின.

வந்து கட்டுவதா, போய்க் கட்டுவதா?

வெளிநாட்டு வரன் என்பதும், வெளிநாடு போன பிறகு நடக்கும் கலியாணம் என்பதும் சாதகத்தில் ஒன்றல்ல. முதலாவதற்கு ஏழாம் வீட்டைப் பார்ப்பார்கள். இரண்டாவதற்கு நான்காம் வீட்டையும் பன்னிரண்டாம் வீட்டையும் முதலில் பார்த்துவிட்டு, பிறகு திசை புத்தியின் வரிசைக்குப் போவார்கள். நான்கு என்பது வீடு, தாய், பிறந்த மண். நான்காம் வீடோ அதன் அதிபதியோ பாவக் கிரகங்களால் தாக்கப்பட்டு, பன்னிரண்டாம் வீடு பலமாக இருந்தால், பிறந்த இடத்தை விட்டுப் பெயர்வு என்பர்.

அதன் பிறகு வரிசை. பன்னிரண்டோடோ ஒன்பதோடோ தொடர்புள்ள கிரகத்தின் திசை அல்லது புத்தி முதலில் நடந்து, அதற்குப் பின் ஏழாம் அதிபதியின் காலமோ சுக்கிரனின் காலமோ வந்தால், 'முதலில் பயணம், பிறகு கலியாணம்'. வரிசை மாறி வந்தால் கலியாணம் முடித்துவிட்டுப் பயணம். அதாவது ஸ்பொன்சரில் போவது.

திசை புத்தி, பிறந்த வேளையில் சந்திரன் நின்ற நட்சத்திரத்திலிருந்து கணக்கிடப்படுகிறது; இலக்கினத்திலிருந்து அல்ல. அரை மணித்தியாலத்தில் சந்திரன் நகர்வது ஏறத்தாழக் கால் பாகைதான். ஒரு நட்சத்திரத்தின் நீளம் 13 பாகை 20 கலை. ஆகவே பிறந்த நேரம் அரை மணித்தியாலம் பிழைத்தால், பிறப்புத் திசையின் இருப்பு அதன் மொத்தக் காலத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே மாறும். இருபது வருடச் சுக்கிர திசையென்றால் நாலைந்து மாதம். ஏழு வருடக் கேது திசையென்றால் இரண்டு மாதத்துக்கும் குறைவு. இது பெரிய மாற்றமல்ல. ஆனால் அந்தத் திசைக்குரிய கிரகம் எந்த வீட்டுக்கு அதிபதி என்பது இலக்கினத்தைப் பொறுத்தது. இலக்கினம் மாறினால், அதே சந்திர திசை ஒரு சாதகத்தில் கலியாணத் திசை, இன்னொன்றில் அட்டமாதிபதி திசை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

இரண்டு மணிக்கூடு ஓடிய பத்து வருடம்

1996இல் நாட்டில் மின்சாரத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தவென்று அரசாங்கம் அந்த வருடம் மே 25ஆம் திகதி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபர் 26ஆம் திகதி அதில் அரை மணித்தியாலம் பின்னே எடுக்கப்பட்டது. அந்த நிலை 2006 ஏப்ரல் 15 வரை நீடித்தது. அன்றுதான் நாடு மறுபடி பழைய நேரத்துக்குத் திரும்பியது. கிறீன்விச் நேரத்தோடு ஒப்பிட்டால், முன்பு ஐந்தரை மணித்தியாலம். 1996இல் ஐந்து மாதம் ஆறரை. பிறகு ஒன்பதரை வருடம் ஆறு. இப்போது மீண்டும் ஐந்தரை.

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் இந்த மாற்றம் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. அங்கே பழைய நேரமே ஓடியது. ஓமந்தையைத் தாண்டும்போது மணிக்கூட்டைத் திருத்தியவர்களுக்கு இது நினைவிருக்கும். ஒரே நாளில், ஒரே வெயிலில், வவுனியாவில் எட்டு மணி, புளியங்குளத்தில் ஏழரை. யார் எதைச் சொன்னாலும் "பழைய நேரமோ புதிய நேரமோ?" என்று திருப்பிக் கேட்பது வழக்கமாகிவிட்டது.

அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இன்று இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயது. பலருடைய முதல் குறிப்பு இடப்பெயர்வில் போய்விட்டது. ஒரு தாயின் நினைவிலோ, கசங்கிய கிளினிக் கொப்பியிலோ மிஞ்சியிருக்கும் நேரத்தை வைத்து, பிற்பாடு யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ அல்லது ரொறன்ரோவில் ஓர் உறவினரின் கணினியிலோ சாதகம் மறுபடி எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் கேட்டது "எத்தனை மணி?" என்று மட்டும். எந்த மணிக்கூட்டில் என்று கேட்கவில்லை.

ஓர் இலக்கினம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் நிற்கும். அரை மணித்தியாலம் அதில் காற்பங்கு. ஆகவே இந்தப் பிழை உள்ள சாதகங்களில் நாலில் ஒன்றிலாவது இலக்கினமே மாறிவிடும். மற்ற மூன்றிலும் இராசிக் கட்டம் தப்பிக்கும். ஆனால் கலியாணத்துக்கென்றே பார்க்கப்படும் நவாம்சக் கட்டத்தில் இலக்கினம் தப்பாது. நவாம்ச இலக்கினம் சராசரியாகப் பதின்மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாறுகிறது.

ஒரு பிறப்பு, இரண்டு சாதகம்

இதை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். இது எந்தக் குடும்பத்தின் கதையும் அல்ல. ஆனால் கிரக நிலைகள் அந்த நாளுக்குரியவை. 2000ஆம் ஆண்டு ஜனவரி 6, வியாழக்கிழமை, மார்கழி அமாவாசை. இடம் புதுக்குடியிருப்பு. பெண் குழந்தை. கொப்பியில் எழுதியிருப்பது காலை 7.20.

அன்று சூரியன், சந்திரன், புதன் மூன்றும் தனுசில். சுக்கிரன் விருச்சிகத்தில். செவ்வாய் கும்பத்தில். இராகு கடகத்தில். இவை நேரம் அரை மணித்தியாலம் மாறினாலும் மாறாதவை. மாறுவது இலக்கினம். அன்று காலை புதுக்குடியிருப்பில் தனுசு இலக்கினம் முடிந்து மகரம் தொடங்கியது, பழைய நேரத்தில் ஏறத்தாழ 7.05க்கு, புதிய நேரத்தில் 7.35க்கு. கொப்பியில் உள்ள 7.20, இரண்டுக்கும் சரிநடுவில் நிற்கிறது.

7.20 என்பது பழைய நேரம் என்றால் இலக்கினம் மகரம். ஏழாம் வீடு கடகம். அது சர இராசி, அங்கே இராகு. ஏழாம் அதிபதி சந்திரன் பன்னிரண்டாம் வீடாகிய தனுசில் இருக்கிறான். அவனோடு கூட இருக்கும் புதன் ஒன்பதாம் அதிபதி. ஏழும் ஒன்பதும் பன்னிரண்டும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. எந்தச் சாத்திரியாரிடம் கொண்டுபோனாலும் "வெளிநாட்டு மாப்பிள்ளைதான்" என்பார்.

7.20 என்பது புதிய நேரம் என்றால் இலக்கினம் தனுசு. ஏழாம் வீடு மிதுனம், உபய இராசி, அங்கே கிரகம் எதுவும் இல்லை. ஏழாம் அதிபதி புதன் இலக்கினத்திலேயே இருக்கிறான். மாப்பிள்ளை தேடி அலைய வேண்டியதில்லை, தெரிந்த இடத்திலிருந்து, சொந்தத்துக்குள் என்று பலன் சொல்ல இது போதும். இராகு எட்டுக்குப் போய்விடுகிறது. சந்திரன் எட்டாம் அதிபதி ஆகிவிடுகிறான்.

அதோடு முடியவில்லை. இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12ஆம் வீடுகளில் செவ்வாய் இருந்தால் செவ்வாய்க் குற்றம் என்பது நம்மிடையே உள்ள கணக்கு. மகர இலக்கினத்துக்குக் கும்பச் செவ்வாய் இரண்டில். ஆகவே செவ்வாய்க் குற்றம் உண்டு, நிவர்த்தி தேட வேண்டும். தனுசு இலக்கினத்துக்கு அதே செவ்வாய் மூன்றில். இலக்கினக் கணக்கில் குற்றம் இல்லை. அரை மணித்தியாலம் ஒரு பெண்ணை வெளிநாட்டுக்கு அனுப்புவதோடு நிற்கவில்லை. செவ்வாய்க் குற்றக்காரியாக்கியும் விடுகிறது.

சரி, தனுசு இலக்கினம் என்றால் வெளிநாட்டுப் பலனே இல்லையா? தேடினால் அங்கேயும் உண்டு. களத்திரகாரகனான சுக்கிரன் பன்னிரண்டில் இருக்கிறான். ஏழாம் அதிபதி புதனோடு சேர்ந்திருக்கும் சூரியன், தனுசுக்கு ஒன்பதாம் அதிபதி. ஆகவே வெளிநாட்டு வரனை விரும்பிக் கேட்கும் தாய்க்கு இந்தச் சாதகத்திலும் பதில் கிடைக்கும். அதேபோல மகர இலக்கினச் சாதகத்தைப் பார்க்கும் கண்டிப்பான சாத்திரியார், "சந்திரன் அமாவாசைச் சந்திரன், புதன் சூரியனுக்கு நெருங்கி அஸ்தங்கம், யோகம் இருக்கு, பலம் இல்லை" என்று தள்ளிவிடவும் கூடும். கடகம் வடக்குத் திசை என்பார். புதுக்குடியிருப்புக்கு வடக்கே எது? யாழ்ப்பாணமா, ஒஸ்லோவா?

எந்த மணிக்கூடு என்று அறிவது எப்படி?

முதலில் கையிலுள்ள சாதகத்தை எடுத்துப் பாருங்கள். கணினியில் போட்டதென்றால், பிறந்த இடத்துக்குப் பக்கத்தில் நேர வலயம் என்று ஓர் எண் இருக்கும். 5.30 அல்லது 6.00. பெரும்பாலான மென்பொருள்கள், பிறந்த இடம் இலங்கை என்று கொடுத்தவுடன் `Asia/Colombo` என்ற நேரப் பட்டியலைத் தாமாக எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பட்டியலில் 1996 முதல் 2006 வரையான அரச மாற்றங்கள் எல்லாம் உண்டு. வன்னியில் வேறு நேரம் ஓடியது என்ற விபரம் இல்லை. ஆகவே பழைய நேரத்தில் 7.20க்குப் பிறந்த பிள்ளையை அது 6.50க்குப் பிறந்ததாகக் கணக்கிடும். அப்படியானால் வலயத்தைக் கையால் 5.30 என்று மாற்றி மறுபடி போட வேண்டும்.

எதிர்ப் பிழையும் உண்டு. கையால் கணிக்கும் சிலரும், பழைய மென்பொருள் சிலவும், எந்த வருடமென்றாலும் 5.30 என்றே எடுக்கின்றன. 1998இல் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பு நகரிலோ புதிய நேரத்தில் 7.20க்குப் பிறந்த பிள்ளை, அந்தக் கணக்கில் அரை மணித்தியாலம் பிந்திப் பிறந்ததாக ஆகிவிடும். 1996 மே முதல் ஒக்டோபர் வரை பிறந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் அரை அல்ல, முழு மணித்தியாலம்.

அடுத்து, பிறந்த அன்று குடும்பம் எங்கே இருந்தது, நேரத்தைச் சொன்னது யார் என்று கேளுங்கள். வீட்டு மணிக்கூட்டைப் பார்த்தது என்றால் வன்னியில் பெரும்பாலும் பழைய நேரம். வைத்தியசாலைத் துண்டில் எழுதியது என்றால் ஊகிக்காதீர்கள். அங்கே வேலை செய்தவர்கள் பலர் அரச ஊழியர்கள்; எந்த நேரத்தை எழுதினார்கள் என்பதை அந்த வைத்தியசாலையில் அந்தக் காலத்தில் இருந்த ஒருவரிடம் கேட்டு அறிவதே சரி. அதே காலத்தில் அங்கே பிறந்த வேறு பிள்ளைகளின் துண்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்பதும் உதவும்.

மணிக்கூட்டை விட நம்பகமான சாட்சி ஒன்று உண்டு. அது வெயில். பழைய முறையில் எழுதிய குறிப்பு தப்பியிருந்தால், அதில் 'உதயாதி நாழிகை' என்று இருக்கும். சூரியன் உதித்து எத்தனை நாழிகை சென்று பிறப்பு என்பது. ஒரு நாழிகை 24 நிமிடம். எங்கள் எடுத்துக்காட்டில் அன்று உதயம் பழைய நேரத்தில் ஏறத்தாழ 6.25. பிறப்பு பழைய நேரம் 7.20 என்றால் உதயாதி இரண்டே கால் நாழிகைக்குச் சற்று மேல். புதிய நேரம் 7.20 என்றால் ஒரு நாழிகை மட்டும். குறிப்பில் இரண்டு நாழிகைச் சொச்சம் என்று இருந்தால் அதற்குமேல் விவாதம் தேவையில்லை. ஆனால் ஒரு கவனம்: அந்த நாழிகையை எழுதியவரே மணிக்கூட்டு நேரத்திலிருந்து கணித்திருந்தால், பஞ்சாங்க உதயத்தையும் பிறந்த நேரத்தையும் ஒரே மணிக்கூட்டில் எடுத்தாரா என்று பார்க்க வேண்டும்.

குறிப்பும் இல்லையென்றால் தாயிடமோ, கூட இருந்த அம்மம்மாவிடமோ மணியைக் கேட்காமல் வெளிச்சத்தைக் கேளுங்கள். "பொழுது கிளம்பின கையோட" என்றால் ஒன்று. "வெயில் முத்தத்துக்கு வந்திட்டுது, பள்ளிக்கூடப் பிள்ளையள் போய்க்கொண்டிருந்தினம்" என்றால் மற்றது. அந்த நாட்களில் மணிக்கூடு இல்லாத வீடுகள் இருந்தன. சூரியனைப் பார்க்காத வீடு இல்லை. இரவில் பிறந்தவர்களுக்கு இந்த வழி உதவாது. அங்கே இரண்டு சாதகத்தையும் போட்டு, இரண்டிலும் ஒத்திருக்கும் பலனை மட்டும் எடுத்துக்கொள்வது நேர்மை.

2006 ஏப்ரலுக்குப் பின் பிறந்தவர்களுக்கு மணிக்கூட்டுக் குழப்பம் இல்லை. ஆனால் 2009இன் முதல் ஐந்து மாதங்களில் பதுங்குகுழிக்குள்ளும் தறப்பாளுக்குக் கீழும் பிறந்த பிள்ளைகளுக்கு நேரமே இல்லை. அப்போது யாரும் மணி பார்க்கவில்லை. பிறந்த நாள் நிச்சயமாகத் தெரிந்தால், நட்சத்திரத்தைப் பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். நட்சத்திரப் பொருத்தத்துக்கு அது போதும். இலக்கினத்தை வைத்துச் சொல்லும் பலன் எதையும், வெளிநாட்டு யோகம் உட்பட, அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்ல முடியாது. சந்திரனை இலக்கினமாக வைத்து அப்படிச் சொல்கிறவரிடம், அன்று பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் ஏறத்தாழ அதே பலன்தானா என்று கேட்டுப் பாருங்கள்.

யாருக்குத்தான் இந்த யோகம் இல்லை?

மேலே சொன்ன அடையாளங்களை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஏழாம் வீடு சர இராசியாக அமைய மூன்றில் ஒரு வாய்ப்பு. இராகுவோ கேதுவோ ஏழில் இருக்க ஆறில் ஒரு வாய்ப்பு. ஏழாம் அதிபதி ஒன்பதிலோ பன்னிரண்டிலோ இருக்க ஏறத்தாழ ஆறில் ஒன்று. ஒன்பதாம் அதிபதியோ பன்னிரண்டாம் அதிபதியோ ஏழில் இருக்கவும் ஏறத்தாழ அவ்வளவே. சுக்கிரன் பன்னிரண்டில் இருக்கப் பன்னிரண்டில் ஒன்று. இவற்றை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துத் தோராயமாகப் பெருக்கினால், எந்த அடையாளமும் இல்லாத சாதகம் நூற்றுக்கு முப்பத்தைந்து அளவில்தான் வருகிறது. அதாவது மூன்று பிள்ளைகளில் இருவருக்கு ஏதோ ஓர் 'வெளிநாட்டு யோகம்' உண்டு. நவாம்சத்தையும் சேர்த்தால் தப்புபவர்கள் இன்னும் குறைவு.

இன்னொரு பக்கம், நம் சமூகத்தில் வெளிநாட்டு உறவு இல்லாத வீடு எத்தனை? ஒரு தலைமுறையே பெயர்ந்து போயிருக்கும்போது, வரன்களில் கணிசமானவை வெளியிலிருந்து வருவது இயல்பு. ஆகவே இந்தப் பலன் 'பலிப்பது' சாதகத்தால் என்று சொல்ல, அடையாளம் இல்லாதவர்களில் எத்தனை பேர் வெளிநாட்டில் கட்டினார்கள் என்பதையும் எண்ண வேண்டும். பலித்தவர்களைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். சாதகத்தைப் பொதுவாகச் சோதித்துப் பார்த்த முயற்சிகளில் அறியப்பட்ட ஒன்று, வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிகர் 2008இல் இந்தியாவின் புனே பகுதியில் நடத்தியது. கல்வியில் சிறந்த பிள்ளைகளின் சாதகங்களையும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் சாதகங்களையும் கலந்து, பிரித்துச் சொல்லுமாறு சோதிடர்களிடம் கொடுத்தார்கள். 27 சோதிடர்கள், ஆளுக்கு 40 சாதகம். சரியான விடை சராசரியாக நூற்றுக்கு 46. நாணயம் சுண்டினால் வருவதும் ஏறத்தாழ அதுதான். இது கலியாணத்தைப் பற்றிய சோதனை அல்ல. ஆனால் கட்டத்தைப் பார்த்து ஆளைச் சொல்லலாம் என்ற நம்பிக்கையைத் தொட்டுப் பார்த்தது.

இதையெல்லாம் அறிந்த பின்னும் குறிப்புப் பார்ப்பதை நம் குடும்பங்கள் விடப்போவதில்லை. அதில் ஒரு வழக்கமும் ஆறுதலும் இருக்கிறது. பிடிக்காத சம்பந்தத்தை யார் மனதும் நோகாமல் மறுக்க அது ஒரு நல்ல சாட்டும்கூட. ஆனால் சம்பந்தம் உறுதியாக வேண்டுமென்றால் கட்டத்தில் இல்லாத சில விபரங்கள் வேண்டும். மாப்பிள்ளைக்கு அந்த நாட்டில் என்ன வதிவிட உரிமை இருக்கிறது? பதிவுத் திருமணம் முன்பு நடந்திருந்தால் சட்டப்படி பிரிந்ததற்குப் பத்திரம் உண்டா? துணையை எடுக்கும் வருமானம் இருக்கிறதா? பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 11 முதல், துணையை அழைக்க வருடத்துக்கு 29,000 பவுண்ஸ் வருமானம் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. அதற்கு முன் 18,600. அந்த ஒரு நாளில் எத்தனையோ பேரின் பயணம் நின்றது. அன்றைக்கு அவர்களுடைய பன்னிரண்டாம் வீட்டில் ஒன்றும் மாறவில்லை.

ஆகவே அடுத்த முறை "வெளிநாட்டு யோகம் கிடக்கு" என்று கேட்கும்போது, சாத்திரியாரிடம் இரண்டு கேள்வியை வையுங்கள். எந்த வீட்டை, எந்தக் கிரகத்தை வைத்துச் சொல்கிறீர்கள்? பிறந்த நேரத்தைப் பழைய நேரமாக எடுத்தீர்களா, புதிய நேரமாகவா? இரண்டாவது கேள்விக்கு அவரிடம் பதில் இல்லையென்றால், முதலாவதற்கு அவர் சொல்லும் பதிலை வைத்து உள்ளூரில் வந்த சம்பந்தத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள்.